நாற்பத்தொன்றாம் இலக்கத்துக்குப் போட்ட சிரிப்பு

செல்வமலருக்குச் சிரிப்பு ஒரு வியாதி. சும்மா சொல்லவில்லை. பள்ளிக்கூடத்தில் தேசிய கீதம் பாடும்போது சிரித்து வெயிலில் நின்றவள். ஆசிரியர் வேலைக்கு நேர்முகப் பரீட்சைக்குப் போய், எதிரே இருந்த அதிகாரியின் மூக்குக் கண்ணாடி சரிந்து சரிந்து விழுவதைப் பார்த்துச் சிரித்து, அந்த வேலையையும் கோட்டை விட்டவள். நோர்வூட் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்து, உயர்தரம் படித்து, கணினி வகுப்பும் முடித்து, கடைசியில் ஹட்டன் பஸ் நிலையத்துக்கு எதிரே என் மச்சான் ராசிக் நடத்திய கொமியூனிகேஷனில், அதாவது போன், கணினிக் கடையில், வந்து உட்கார்ந்தாள். அவளுக்கு அப்போது இருபத்தாறு வயது. இரண்டாயிரத்து ஒன்பதாம் ஆண்டு.

நான் ஸஃப்வான். அதே வரிசையில் மூன்றாவது கடை என்னுடையது. ‘குளு குளு கஃபே’ என்று பலகை. ஹட்டன் குளிரில் எவனாவது அப்படிப் பெயர் வைப்பானா என்று கேட்காதவர்கள் கிடையாது. கேட்டவர்களுக்கெல்லாம் அன்றைக்கு ப்ளேன்டீயில் சீனி குறையும். எனக்குக் கோபம் கொஞ்சம் சீக்கிரம் வரும்.

அந்த வருடம்தான் எங்கள் ஊரில் பேஸ்புக் பைத்தியம் தொடங்கியது. எங்கள் தெருவில் அதைப் பிடித்துக்கொண்டவர்கள் மூன்று பேர். நான் ஒருவன். உயர்தர மாணவர்களுக்குக் கணக்கு டியூஷன் நடத்திய யாழ்ப்பாணத்து நடராசா மாஸ்டர் இன்னொருவர். மூன்றாவது டொக்டர் ஜெயதீபன், அவரும் யாழ்ப்பாணம், தெரு முனையில் டிஸ்பென்சரி. மூன்று பேருக்கும் பக்கம் திறந்து, அதில் எழுதுவது செல்வமலரின் வேலை. நாங்கள் ஆளுக்கொரு துண்டுத் தாளில் விஷயத்தை எழுதிக் கொடுப்போம். அவள் தன் நடையில் தட்டிப் போடுவாள். தோட்டங்களில் யாரிடம் கணினி இருக்கிறது? ஆகவே போட்டதையே பெரிய எழுத்தில் அச்சடித்துக் கடைக் கண்ணாடியிலும் ஒட்டுவாள். ஆனால் கொழும்பில் கடைகளில் வேலை செய்யும் தோட்டத்துப் பிள்ளைகள் கையடக்கத் தொலைபேசியில் பக்கத்தைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போன் பண்ணிச் சொல்வார்கள். கொழும்பு வழியாகச் சுற்றி வரும் செய்திதான் எங்கள் கண்ணாடிச் செய்தியைவிட முதலில் லயத்து வரிசை வீடுகளுக்குப் போய்ச் சேரும்.

என் பக்கம் பிய்த்துக்கொண்டு போனது. “குளிர்ல பல்லு தந்தியடிக்குதா? எங்க இஞ்சித் தேத்தண்ணி பதில் தந்தி குடுக்கும்” என்று எழுதுவாள். “ரோல்ஸ் முடிஞ்சிருச்சு. கடைசி ரோல்ஸைத் தின்னது முதலாளிதான், சத்தியமா நான் இல்ல” என்று எழுதுவாள். முடிவில் இரண்டு புள்ளியும் ஒரு வளைவும். தலையை ஒருக்களித்துப் பார்த்தால் சிரிக்கிற மூஞ்சி. சில நாளில் வளைவுக்குப் பதிலாக ஆங்கிலத்து பி எழுத்து, அது நாக்கை நீட்டிக் காட்டுகிற மூஞ்சி. வெளியூரிலிருந்து வந்த பொடியன்கள் “எங்க அந்த ரோல்ஸ் திருடின முதலாளி?” என்று கேட்டுக்கொண்டே கடைக்குள் வந்தார்கள். எனக்குக் கோபம் வரவேண்டிய இடம். வரவில்லை. வியாபாரம் வந்தது.

இந்த வெற்றி அவள் தலைக்கு ஏறியது. ஏற்றிவிட்டதில் எனக்கும் பங்கு உண்டு என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

முதலில் அடி வாங்கியது மாஸ்டர். அவர் துண்டில் ‘நாளை பரீட்சை, எட்டு மணி’ என்று எழுதிக் கொடுத்தார். செல்வமலர், “மச்சான்மாரே, நாளைக்கு எட்டு மணிக்கு டெஸ்ட். வராம டிமிக்கி குடுத்தா வகுப்பு ஒங்கள மறந்துரும்” என்று போட்டாள். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஆனால் மறுநாள் காலை வட்டவளையிலிருந்து ஒரு தகப்பன் குடையைக் கம்பு மாதிரிப் பிடித்துக்கொண்டு வகுப்பு வாசலில் வந்து நின்றார்.

“எம் மகள மச்சான்னு கூப்பிட்டது யாருங்க மாஸ்டர்? நீங்களா?”

மாஸ்டர் நேராகக் கொமியூனிகேஷனுக்கு வந்தார். அவர் முகம் பீட்ரூட் கறி.

“பிள்ளை, நான் உமக்கு மச்சான் எண்டு எழுதித் தந்தனானோ?”

“இல்லீங்க சார். பொடியனுங்க எல்லாம் அப்பிடித்தானே பேசிக்கிறாங்க...”

“அவங்கள் தங்களுக்குள்ள கதைக்கட்டும். நான் அவங்களின்ர வாத்தியார். நான் மச்சான் எண்டால் நாளைக்கு அவங்கள் என்னை என்னெண்டு கூப்பிடுவாங்கள்?”

இதற்கும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மாஸ்டர் முறைத்தார். பிறகு பகிடி வேண்டவே வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. கணக்கோடு பகிடி விடலாம், பிள்ளைகளோடு வேண்டாம் என்றார். அதற்குப் பிறகு அவள், “சைனுக்கும் கொசைனுக்கும் சண்டை. ஞாயிறு எட்டு மணிக்கு மாஸ்டர் பஞ்சாயத்து” என்று போட்டாள். மாஸ்டர் அதை ஓசைப்படாமல் இரண்டு பிரதி அச்சடித்து வாங்கிப் போனதை நான் பார்த்தேன்.

மூன்றாமவர் டொக்டர். சிரிப்பைப் பற்றி அவர் படிக்கவில்லை போலும், மருத்துவக் கல்லூரியில் அந்தப் பாடம் இருந்திருக்காது. அவர் பக்கம் இப்படி இருக்கும்: ‘வெள்ளிக்கிழமை டிஸ்பென்சரி திறக்கப்படும்.’ அவ்வளவுதான். ஒருநாள் தேத்தண்ணி கொண்டு போய்க் கொடுத்தபோது நான்தான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாமல் சொன்னேன்.

“என்ன புள்ள, டொக்டர் பக்கம் மரண அறிவித்தல் மாதிரி இருக்கு. பாக்கிறவனுக்கே காய்ச்சல் வரும். ஒரு சிரிப்பாவது போடேன்.”

“போடலாமா பாய்?”

“போடு. டொக்டர் எங்க பாக்கப் போறாரு?”

அது உண்மை. டொக்டர் அந்தப் பக்கத்தை எட்டிக்கூடப் பார்ப்பதில்லை.

இரத்தப் பரிசோதனை விஷயம் இப்படி நடக்கும். டொக்டர் எடுக்கும் இரத்தம் கண்டி ஆய்வுகூடத்துக்குப் போகும். ரிப்போட்டுகள் மூடிய உறையில் பஸ்ஸில் திரும்பி வரும். வந்ததா வரவில்லையா என்று தெரியாமல் தோட்டத்துச் சனம் ஒருநாள் சம்பளத்தை விட்டுவிட்டு வந்து, வெறுங்கையோடு திரும்பும். அதற்காகத்தான் பெயர் போடாமல், ஆளுக்குக் கொடுத்த இலக்கங்களில் வந்து சேர்ந்தவற்றை மட்டும் போடச் சொன்னார் டொக்டர். நல்ல ஏற்பாடுதான். உறைக்குள் என்ன இருக்கிறதென்று செல்வமலருக்குத் தெரியாது. ஆள் வரும்போது, ஆளை முன்னால் வைத்துக்கொண்டுதான் டொக்டரே உறையைப் பிரிப்பார்.

அந்த வியாழக்கிழமை ஏழு இலக்கங்கள் வந்தன. நாற்பத்தொன்று முதல் நாற்பத்தேழு வரை. “ரிப்போட் வந்துருச்சு, வந்து வாங்கிக்கங்க” என்று எழுதி, ஒவ்வொரு இலக்கத்தின் பக்கத்திலும் ஒரு சிரிப்பு மூஞ்சி வைத்தாள். தமிழ் எழுத்தில் தட்டும்போது புள்ளியும் வளைவும் வேறெதுவோ ஆகிவிடும், அதனால் ஒவ்வொரு மூஞ்சிக்கும் ஆங்கில எழுத்துக்கு மாற வேண்டும், திரும்பத் தமிழுக்கு வர வேண்டும். நாற்பத்து நான்கைத் தட்டிய நேரம் யாரோ டுபாய்க்குப் போன் கோல் எடுக்க வந்தார்கள். எழுந்து போய் எடுத்துக் கொடுத்துவிட்டு வந்து, நாற்பத்தைந்திலிருந்து தொடர்ந்தாள். நாற்பத்து நான்குக்குச் சிரிப்பு விடுபட்டுப் போனது. யாரும் கவனிக்கவில்லை.

யாரும் என்றால், எங்கள் தெருவில் யாரும். தோட்டத்தில் கவனித்தார்கள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை பதினொரு மணியிருக்கும். ராக்காயி என் கடைக்குள் வந்தாள். நோர்வூட் பக்கத்து லயத்துக்காரி, ஐம்பது வயது, கொழுந்து எடுக்கிறவள். வழக்கமாக வாசலில் நின்றே தேத்தண்ணி குடித்துவிட்டுப் போகிறவள், அன்றைக்கு உள்ளே வந்து மேசையில் உட்கார்ந்தாள்.

“அந்த ரோசாக் கலருல, ஐஸ்கிறீமு மெதக்குமே, அது ஒண்ணு குடுங்க பாய்.”

“பலூடாவா? என்ன விசேஷம்?”

“ரத்தம் பாத்தேன்ல? ஒடம்பெல்லாம் அசதியாப் போச்சு, தண்ணி தண்ணியாக் குடிக்கிறேன்னு டொக்டர் பாக்கச் சொன்னாரு. நேத்து மகன் கொழும்புலருந்து போன் பண்ணுனான். எனக்குச் சிரிப்பு போட்டிருக்காங்களாம்! நாப்பத்தி ஒண்ணு. கண்ணாடியிலயும் இப்பத்தான் பாத்துட்டு வர்றேன். ஒண்ணுமில்லன்னு தெரிஞ்சிருச்சு.”

எனக்கும் சந்தோஷம். நான் என்ன செய்தேன் தெரியுமா? பலூடாவில் சர்பத்தை இன்னொரு கரண்டி கூடுதலாக ஊற்றினேன். இன்றைக்கும் அந்தக் கரண்டியை நான் சர்பத்துக்கு எடுப்பதில்லை. அவள் இரண்டாவதும் கேட்டாள். கொடுத்தேன். டிஸ்பென்சரி வாசலைத் தாண்டி, அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் பஸ் ஏறினாள்.

சனிக்கிழமை மத்தியானம் டொக்டர் தன் காலாலேயே நடந்து கொமியூனிகேஷனுக்கு வந்தார். அவர் வெளியே வருவதே அதிசயம். நான் ரோல்ஸ் தட்டோடு அங்கே நின்றேன்.

“ஏழு பேருக்குப் போட்டது. ஒருத்தர்தான் வந்தவர். அவரும் அழுதுகொண்டு வந்தவர். என்ன நடந்தது?”

அழுதுகொண்டு வந்தவர் நாற்பத்து நான்கு, பொன்னையா. ஆறு பேருக்குச் சிரிப்பு, தனக்கு மட்டும் இல்லை என்று மருமகன் சொல்லக் கேட்டதும், மனிதன் தன் கதை முடிந்ததென்று தீர்மானித்துவிட்டார். புதுக் கம்பளியைத் தம்பிக்குக் கொடுத்தார். வளர்த்த சேவலை லயத்தில் அடுத்த காம்பரா வீட்டுக்காரனுக்குக் கொடுத்தார். முப்பது வருடமாகப் பேசாத சம்பந்தியிடம் போய்ச் சமாதானம் ஆனார். கடைசியில் டொக்டர் உறையைப் பிரித்து, ஒரு குறையும் இல்லை, கல்லு மாதிரி இருக்கிறீர் என்றதும், “சேவல இன்னேரம் அடிச்சிருப்பானுங்களே!” என்று கத்திக்கொண்டு ஓடினாராம்.

நான் சிரித்துவிட்டேன். செல்வமலரும் சிரித்தாள். டொக்டர் சிரிக்கவில்லை. கண்ணாடியில் ஒட்டியிருந்த தாளின் முன்னால் போய் நின்று, முதன்முறையாகத் தான் சொன்னதாகப் போடப்பட்டதை வாசித்தார்.

“இதென்ன, இலக்கத்துக்குப் பக்கத்தில?”

“சிரிப்புங்க டொக்டர்,” என்றாள், குரல் இறங்கி.

“ஆர் சிரிக்கிறது?”

டொக்டர் தாளை விட்டு அவள் பக்கம் திரும்பினார்.

“ஆக்கள் வராமல் விட்டபடியால் மிச்ச உறையள நானே பிரிச்சுப் பாத்தன். அஞ்சு பேருக்குப் பெரிசா ஒண்டும் இல்லை. நாற்பத்தொண்டுக்கு வெறும் வயித்தில இரத்தச் சீனி முந்நூற்று நாற்பது. நூறுக்குக் கிட்ட இருக்கவேண்டியது. அந்த மனுசி இண்டைக்கே வரவேணும். வராமல் நாள் போனால் மயங்கி விழும், உயிருக்கே ஆபத்து. அவவுக்கு நீர் சிரிப்புப் போட்டிருக்கிறீர்.”

நாற்பத்தொன்று, ராக்காயி. இரண்டு பலூடா. கூடுதலாக ஒரு கரண்டி.

செல்வமலர் தோட்டத்துக் கடைக்குப் போன் எடுத்து, ராக்காயியைக் கூப்பிடச் சொல்லிக் காத்திருந்தாள். ராக்காயி வந்தாள், கேட்டாள், மறுத்தாள். போனில் அவள் சத்தம் எனக்கே கேட்டது. “சிரிப்பு போட்டுட்டு இப்ப வான்னா? டொக்டருக்கு ஆளு கொறஞ்சிருச்சா? எனக்கு ஒண்ணுமில்ல புள்ள, நான் அதிரசம் சுட்டுக்கிட்டு இருக்கேன்!” போன் வைக்கப்பட்டது.

டொக்டர் சொன்னார், “அவ வந்து சேரும்வரைக்கும் நீர் என்ர பக்கத்தில ஒரு எழுத்தும் எழுதக்கூடாது. ராசிக்கோடயும் நான் கதைக்கவேணும்.” ராசிக்கோடு கதைத்தால் என்ன ஆகும் என்று எங்களுக்குத் தெரியும். டொக்டர் சொல்லுக்கு என் மச்சான் மறுசொல் சொல்லமாட்டான். அவள் வேலை அன்றோடு சரி.

அவள் வேலையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டாள்.

“பாய், ஒங்க வேன் ஓடுமா?”

“தள்ளினா ஓடும்,” என்றேன்.

மூன்று பேர் தள்ளி, வேன் புறப்பட்டது. நோர்வூட் வரைக்கும் அவள் ஒருதடவைகூடச் சிரிக்கவில்லை. வழியில் ஒரு மாடு எங்கள் வேனைப் பார்த்துப் பயந்து கடைக்குள் ஏறியது, அப்போதும் சிரிக்கவில்லை. எனக்குப் பயமாகிவிட்டது.

லயத்து வாசலில் எண்ணெய் மணம். ராக்காயி அதிரசத்தைத் தட்டில் அடுக்கிக்கொண்டு, “வா புள்ள, நல்ல நேரத்துல வந்த, இனிப்பு சாப்பிடு” என்றாள். பக்கத்துக் காம்பராப் பெண்கள் எல்லாரும் கையில் ஆளுக்கொரு அதிரசம். ஒருத்தி எனக்கும் ஒன்று நீட்டினாள். வாங்கிக்கொண்டேன், வேறு என்ன செய்வது?

“அக்கா, ஒங்களுக்குச் சீனி வருத்தம். ரத்தத்துல சீனி ரொம்பக் கூடுதலா இருக்கு. இப்பவே வாங்க.”

“அப்ப சிரிப்பு?”

“அத நான் போட்டேன்க்கா.”

“டொக்டர் பாத்துட்டுத்தானே போடச் சொல்லியிருப்பாரு?”

“இல்லக்கா,” என்றாள் செல்வமலர். “டொக்டர் அந்த உறையப் பிரிக்கவே இல்ல. எனக்கும் ஒண்ணும் தெரியாது. எல்லா நம்பருக்கும் போட்டேன், அழகா இருக்கட்டும்னு. அது என் சிரிப்புக்கா. ஒங்க ரத்தத்தோட சிரிப்பு இல்ல.”

சொல்லிவிட்டு அழுதாள். சிரிக்கத் தெரிந்த அளவுக்கு அவளுக்கு அழத் தெரியவில்லை, சத்தம் விக்கல் மாதிரி வந்தது. லயத்துப் பெண்கள் அதிரசத்தைக் கடிக்காமல் நின்றார்கள்.

ராக்காயி கையிலிருந்ததைத் தட்டில் திரும்ப வைத்தாள். அப்புறம் முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டாள்.

“அதான பாத்தேன், தண்ணித் தாகம் மட்டும் போகவே இல்லியேன்னு. சரி, அழுவாத புள்ள. ஏ பாய், நீ ரெண்டு பலூடா குடுத்தியே, நல்லா இருப்பியா?”

நான் நல்லா இருக்கமாட்டேன் என்றுதான் அந்த நேரம் நினைத்தேன்.

வேனை மறுபடி தள்ளி, பொழுது சாய்வதற்குள் ஹட்டன் வந்து சேர்ந்தோம். டொக்டர் வாசலிலேயே நின்றார். அன்றைக்கே மருந்து தொடங்கினார். மிச்ச ஐந்து பேருக்கும் செல்வமலர் ஒவ்வொருவராகப் போன் பண்ணி, அதையே சொன்னாள்: சிரிப்பு என்னுடையது, வந்து ரிப்போட்டை வாங்கிக்கொள்ளுங்கள் என்று. டொக்டர் அவள் முதுகுக்குப் பின்னால் நின்று, ஐந்து கோலையும் கேட்டார். ராசிக்கோடு அவர் கதைக்கவே இல்லை. திங்கட்கிழமை புதுத் துண்டொன்றை அவள் மேசையில் வைத்து, “இலக்கம் மட்டும்” என்றுவிட்டுப் போனார்.

அன்றிலிருந்து அவள் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டாள். எதைத் தட்டினாலும் அச்சடித்து, கண்ணாடியில் ஒட்டிவிட்டு, வெளியே தெருவில் போய் நின்று வாசிப்பாள். அந்தச் செய்திக்காகக் காத்துக்கொண்டிருக்கிறவர் நின்று வாசிக்கிற இடம் அது. டொக்டரின் தாளில் இலக்கங்கள் மொட்டையாக இருந்தன, ஆனால் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடுகிற நாளை அறிவிக்கும்போது மட்டும் டொக்டரிடம் கேட்டு ஒரு மூஞ்சி வைத்தாள். என் தாள் பழையபடி கூத்தாடியது. ஆனால் மண் சரிந்து ஒரு லயமே புதைந்த கிழமையில், நான் எழுதிக் கொடுத்த மழைப் பகிடியை அவள் தெருவில் நின்று வாசித்துப் பார்த்துவிட்டு, உள்ளே வந்து கிழித்துப் போட்டாள். “இன்னைக்கு வேணாம் பாய்” என்றாள். எனக்குக் கோபம் வந்தது. பிறகு நானும் வெளியே போய் நின்று பார்த்தேன். அவள் செய்தது சரி.

இரண்டு மாதம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை. ராக்காயி டிஸ்பென்சரியிலிருந்து நேராகக் கொமியூனிகேஷனுக்குள் ஓடி வந்தாள். கையில் மருந்துக் கொப்பி, டொக்டர் சீனி அளவு எழுதிக் கொடுக்கிற நோட்டு. நான் தேத்தண்ணியோடு நின்றேன், சீனி போடாத தேத்தண்ணி.

“புள்ள, இதப் பாரு! இந்தத் தடவ நல்ல சேதிதானே, நீங்களே ஒரு சிரிப்பு போட்டுக் குடுங்கன்னு டொக்டர்கிட்ட அடம் புடிச்சேன். பேனாவ வாங்கி, ரொம்ப யோசிச்சு, போட்டும் குடுத்துட்டாரு.”

செல்வமலர் கொப்பியைப் பார்த்தாள். இரண்டு புள்ளி இருந்தது. வளைவும் இருந்தது. ஆனால் வளைவு மறுபக்கம் திரும்பியிருந்தது. உதடு பிதுங்கி, ஒப்பாரிக்குத் தயாராக இருக்கிற மூஞ்சி.

“யா அல்லாஹ், அழுவுதே!” என்றேன். செல்வமலரும் வெளிறிப்போனாள்.

ராக்காயி எங்கள் இருவரையும் பார்த்துத் தலையிலடித்துக்கொண்டாள்.

“மூஞ்சிய ஏன் பாக்குறீங்க? நம்பரப் பாருங்க. நூத்திப் பதினெட்டு. நல்லாத்தான் இருக்கு. டொக்டருக்குத்தான் சிரிக்கத் தெரியல.”